லிஃப்ட் பக்கத்துல உக்காந்திருக்கிற பாட்டியும் ஒரு வரி லாக்லைனும்

கேள்வி: "பாலிடெக்னிக் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். 5 நிமிஷ ஷார்ட் பிலிம் அசைன்மென்ட், வெள்ளிக்கிழமைக்குள்ள படத்தோட கதைய ஒரே வாக்கியத்துல சொல்ற லாக்லைன் குடுக்கணும். எங்க புளோக்ல ஒரு பாட்டி சாயங்காலமானா லிஃப்ட் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருப்பாங்க, ஒரு நாள் மடியில பிரிக்காத லெட்டர் ஒண்ணு இருந்துச்சு. அத வச்சு தனிமை, தலைமுறை இடைவெளி, நம்ம பசங்களுக்குத் தமிழ் போயிட்டு இருக்கிறது எல்லாம் சொல்லணும்னு ஆசை. 'நவீன சிங்கப்பூரில் தனிமையில் வாடும் ஒரு மூதாட்டிக்கும் தமிழை மறந்த பேரனுக்கும் இடையிலான பாசப் போராட்டம்'னு எழுதிக் குடுத்தேன், லெக்சரர் இது டாபிக், ஸ்டோரி இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. எப்படி சரி பண்றது?"

லெக்சரர் சொன்னது சரிதான், ஆனா பாதியில நிறுத்திட்டாங்க. உங்க வரிய இன்னொரு தடவ படிச்சுப் பாருங்க, அதுல ஒரு வினைமுற்று கூட இல்ல. வாடும், மறந்த, இடையிலான, அப்படியே போய் 'போராட்டம்'னு ஒரு பெயர்ச்சொல்லுல உக்காந்துடுது. யாரும் எதுவும் பண்ணல. நாளைக்கு ஷூட்டிங்னு வச்சுக்குவோம், பாட்டியா நடிக்கிறவங்க வந்து 'நான் என்ன பண்ணணும்?'னு கேட்டா 'வாடுங்க பாட்டி'ன்னா சொல்லுவீங்க? தமிழ்ல இது ஒரு பெரிய வசதி, அதே சமயம் பெரிய ஆபத்தும் கூட, வினையே இல்லாம அழகா ஒரு வாக்கியத்த முடிச்சுட்டு கதை எழுதிட்ட மாதிரி ஒரு திருப்தியோட எழுந்து போயிடலாம்.

நான் டிவி நாடகத்துக்கு கொஞ்ச வருஷம் எழுதுனவன், இப்ப பகுதிநேரமா மாணவர்களோட ஸ்கிரிப்டப் பாத்துக் குடுக்கிறேன், அதனால இந்த 'பாசப் போராட்டம்' எனக்குப் பழைய சிநேகிதன். நான் முதல் தடவ ஒரு தயாரிப்பாளர்கிட்ட கதை சொல்லப் போனப்ப பத்து நிமிஷம் புலம்பெயர்வு, அடையாளம்னு பேசினேன், அவர் கோப்பியக் குடிச்சு முடிச்சுட்டு 'சரி தம்பி, யாரு, என்ன பண்றான்?'னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. அன்னிக்கு வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அவருக்கு ரசனை இல்லன்னு திட்டிக்கிட்டே வந்தேன், அது வேற கதை.

உங்ககிட்ட மூணு தலைப்பு இருக்கு, ஒரு காட்சி இருக்கு. தனிமை, தலைமுறை இடைவெளி, தமிழ், இந்த மூணையும் இப்போதைக்கு ஒரு தாள்ல எழுதி மடிச்சு வச்சுடுங்க. அந்தப் பிரிக்காத லெட்டர மட்டும் கையில எடுங்க. நீங்க கேள்வியில அத போற போக்குல சொல்லிட்டுப் போயிட்டீங்க, ஆனா மொத்தத்துலயும் கேமராவுக்குத் தெரியுற பொருள் அது ஒண்ணுதான். கதை எப்பவும் அந்த மாதிரி சின்னப் பொருள்லதான் ஒளிஞ்சிருக்கும். அந்த லெட்டர வச்சு மூணு கேள்வி கேளுங்க: ஏன் இன்னும் பிரிக்கல, யாருக்காகக் காத்திருக்காங்க, இன்னிக்கே பிரிக்கலன்னா என்ன ஆகும்? நெஜ பாட்டிக்கு என்ன காரணமோ நமக்குத் தெரியாது, தெரியவும் வேணாம், நாமளே ஒண்ணு உண்டாக்கிக்கலாம்.

முதல் கேள்விக்கு எனக்குத் தோணுறது, லெட்டர் இங்கிலீஷ்ல இருக்கு, பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். தினமும் தமிழ் முரச ஒரு எழுத்து விடாம படிக்கிறவங்கதான், ஆனா லெட்டர் பாக்ஸ்ல வர்ற கவர் எல்லாத்தையும் யாராவது படிச்சுச் சொல்லணும். அப்படின்னா ரெண்டாவது கேள்விக்கு பதில் தானா வந்துடுது, ஸ்கூல் விட்டு லிஃப்ட்ல வரப்போற பேரனுக்காகக் காத்திருக்காங்க. மூணாவதுலதான் எல்லாரும் சறுக்குவாங்க. கரண்ட் பில்லுன்னு வச்சா நாளைக்குக் கட்டிக்கலாம், அவசரமே இல்ல. ஊர்ல இருந்து சொத்து விஷயமா வந்த லெட்டர்னா ஊர்க்கதைய விளக்கவே ரெண்டு நிமிஷம் போயிடும். அதனால ஆஸ்பத்திரில இருந்து வந்த லெட்டர்னு வச்சுக்குவோம், நாளைக்குக் காலைல 9 மணிக்கு புற்றுநோய்ப் பிரிவுல அப்பாயின்மென்ட்னு போட்டிருக்கு, அந்த விஷயத்த வீட்ல எல்லாரும் பாட்டிகிட்ட மறைச்சு வச்சிருக்காங்க, பேரனுக்கும் சொல்லல. இப்ப அந்த லெட்டரப் பிரிச்சா ஒருத்தன் மாட்டுறான். மத்த ரெண்டுக்கும் இதுக்கும் வித்தியாசம் சோகத்தோட அளவு இல்ல, இதுல ஒருத்தன் அந்த இடத்துலயே, அந்த நிமிஷமே எதாவது பண்ணியாகணும்.

சரி, யாரு கதைநாயகன்? உங்க மனசுல பாட்டிதான், ஏன்னா உங்களுக்கு அவங்க மேல பரிதாபம். ஆனா இந்த அமைப்புல பாட்டி காத்திருக்காங்க, கேக்குறாங்க, அவ்வளவுதான். கஷ்டமான வேலை யார் தலையில விழுதோ அவங்கதான் லாக்லைனோட எழுவாய், இங்க அது பையன் தலையில விழுது. படம் பூரா பாட்டி முகத்துலயே கேமரா இருந்தாலும் பரவால்ல, வாக்கியம் பையன்லதான் ஓடணும். இத ஒத்துக்கிறதுக்கு நிறைய பேருக்கு ஒரு நாள் ஆகும், உங்களுக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு.

இப்ப எழுதிப் பாப்போம். முதல் முயற்சி: 'தமிழ் சரியா வராத ஒரு பையன் பாட்டிக்கு வந்த லெட்டரப் படிச்சுச் சொல்றான்.' உங்க பழைய வரியவிட இதுவே எவ்வளவோ மேல், ஆள் இருக்கு, வேலை இருக்கு. ஆனா கேக்குறவன் 'சரி, சொல்லட்டுமே, அதுக்கென்ன?'ன்னு கேப்பான். தடை இல்ல, விழுந்தா என்ன அடிபடும்னு தெரியல.

ரெண்டாவது முயற்சியில பசங்க பண்ற தப்பு, தடை வேணும்னு சொன்னவுடனே எல்லாத்தையும் உள்ள தள்ளிடுவாங்க. 'தோ பாயோல வாடகை வீட்ல பாட்டியோட வசிக்கும், அப்பா இல்லாத, ஸ்கூல்ல தமிழ்ல பெயிலான 14 வயசு அருண், ஒரு நாள் பாட்டிக்கு வந்த லெட்டர்ல அவங்களுக்கு புற்றுநோய்னு தெரிஞ்சதும், அம்மா ஏற்கனவே அதை மறைச்சது புரிஞ்சு, அப்புறம் பாட்டியோட பழைய கதைகளக் கேட்டு, தமிழோட அருமைய உணர்கிறான்.' இதுல 'அப்புறம்' வந்துச்சு பாத்தீங்களா, லாக்லைன்ல அந்த வார்த்தை எட்டிப் பாத்தா அங்க ரெண்டாவது கதை ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். ரெண்டு மணி நேரப் படத்துக்கு அது தாங்கும், 5 நிமிஷத்துக்குத் தாங்காது. அடுத்து அந்தக் கடைசிச் சொல், 'உணர்கிறான்'. நம்ம மொழியில வினை கடைசிலதான் வருது, அதனால வாக்கியத்தோட மொத்த கனமும் அந்தக் கடைசிச் சொல்லு மேல இறங்குது, அங்க உணர்கிறான், புரிந்துகொள்கிறான், தவிக்கிறான்னு வந்தா உள்ள என்ன நடந்தாலும் வெளிய ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கிற மாதிரிதான் திரையில தெரியும். நான் மாணவர்களோட லாக்லைன வாங்குனா முதல்ல கடைசிச் சொல்லத்தான் பாப்பேன், பாதி நேரம் அதுக்கு மேல படிக்க வேண்டிய அவசியமே இருக்காது.

மூணாவது முயற்சி: 'தமிழ் தடுமாறுற 14 வயசுப் பையன், பாட்டிக்கு வந்த லெட்டர்ல வீடே அவங்ககிட்ட மறைச்ச புற்றுநோய் இருக்கிறதப் பாத்ததும், உண்மையச் சொல்றதா வேணாமான்னு முடிவு பண்ணணும்.' இது கிட்டத்தட்ட வந்துடுச்சு, நிறைய லெக்சரர் இத ஏத்துக்குவாங்க. எனக்கு ஒரே குறை, 'முடிவு பண்ணணும்'கிறதும் மண்டைக்குள்ள நடக்குற வேலைதான். அவன் முடிவு பண்றது எப்படி வெளிய தெரியும்? இங்கதான் நான் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருப்பேன், ஏன்னா இந்தக் கதைக்குள்ள ஒரு நல்ல விஷயம் இன்னும் வெளிய வராம இருக்கு. பாட்டி எதிர்ல உக்காந்திருக்காங்க, பையன் கையில லெட்டர், 'படிப்பா'ன்னு சொல்லிட்டாங்க. அவன் நிறுத்த முடியாது. அப்ப அவன் என்ன பண்ணுவான்? லெட்டர்ல இல்லாத ஒண்ண வாயில வந்தபடி சொல்ல ஆரம்பிப்பான். அதுவும் தமிழ்ல! உண்மையச் சொல்லவே தமிழ் வராதவன் இப்ப தமிழ்ல பொய் சொல்லணும், பொய்க்கு இன்னும் அதிகமா வார்த்தை வேணும், பாட்டியோ தமிழ்ல புலி. இப்பத்தான் எனக்குக் கதை கிடைச்ச மாதிரி இருக்கு.

அதனால நான் எழுதுற வரி இது: 'தமிழ் தடுமாறுற 14 வயசுப் பையன், பாட்டிக்கு வந்த லெட்டர்ல வீடே அவங்ககிட்ட மறைச்ச புற்றுநோய் இருக்கிறதப் பாத்ததும், அம்மா வர்ற வரைக்கும் இல்லாத ஒரு லெட்டரத் தமிழ்ல அவங்களுக்குப் படிச்சுக் காட்டியாகணும்.' எண்ணிப் பாத்தா 24 சொல். பொதுவா இங்கிலீஷ்ல 25ல இருந்து 35 சொல்லுக்குள்ளன்னு சொல்லுவாங்க, தமிழ்ல வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடயே ஒட்டிக்கிறதால 20, 25ல முடிஞ்சுடணும், அதத் தாண்டுனா எதையோ திணிச்சிருக்கீங்கன்னு சந்தேகப்படலாம். இந்த எண்ணிக்கை என் கை வழக்கம்தான், சட்டம் இல்ல, உங்க அசைன்மென்ட் பிரீஃப்ல வேற எண் போட்டிருந்தா அதுதான் செல்லும்.

அந்த வரியோட எலும்பப் பாருங்க, மூணு இடத்துல நிக்குது. 'பாத்ததும்'ல இருக்கிற அந்த '-தும்', கதை எந்த நொடியில ஆரம்பிக்குதுன்னு காட்டுது, அதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் உங்க படத்துல தேவையில்ல. 'வர்ற வரைக்கும்'கிறது கடிகாரம், வேற கதைக்கு அது '-துக்குள்ள'ன்னு வரலாம். கடைசில 'படிச்சுக் காட்டியாகணும்'கிறது கேமராவுக்கு முன்னாடி ஒருத்தன் பண்ற வேலை. இந்த மூணு கொக்கியையும் முதல்ல காலியா எழுதிட்டு அப்புறம் உங்க கதைய அதுல மாட்டிப் பாருங்க, எது மாட்ட மாட்டேங்குதோ அங்கதான் ஓட்டை. ஆனா எழுவாய ரொம்பத் தள்ளி வைக்காதீங்க, தமிழ்ல பெயரெச்சமா அடுக்கிக்கிட்டே போய் பத்தாவது சொல்லுல 'பையன்'னு கொண்டு வந்து நிறுத்துறது ரொம்ப சுலபம், படிக்கிறவங்க அதுவரைக்கும் யாரப் பத்தின்னே தெரியாம மூச்சப் பிடிச்சுக்கிட்டு வரணும்.

என்னென்ன வெளிய போச்சுன்னும் பாருங்க. பேர் போச்சு, 'அருண்'னு சொன்னா கேக்குறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, 'தமிழ் தடுமாறுற 14 வயசுப் பையன்'னா அவனும் தெரியுறான், அவனோட கஷ்டமும் தெரியுது. ஆளச் சொல்ற அந்த அடைமொழி கதையோட மோதுறதா இருக்கணும். ரெண்டாவது முயற்சியில அது 'அப்பா இல்லாத'ன்னு இருந்துச்சு, பரிதாபம்தான், ஆனா இந்தக் கதையில அதால எதுவும் மாறல. காலைல 9 மணி அப்பாயின்மென்டும் போச்சு, அது ஸ்கிரிப்ட்ல இருக்கும், பாட்டி அந்தத் தேதிய லெட்டர்ல தானே பாத்து 'நாளைக்குன்னு நம்பர் போட்டிருக்கே, அது என்ன?'ன்னு கேக்கும்போது உதவும், லாக்லைனுக்குத் தேவையில்ல. நவீன சிங்கப்பூரும் போச்சு, நல்லதாப் போச்சு.

அந்த மடிச்சு வச்ச தாள இப்பப் பிரிங்க. தனிமை? படிச்சுச் சொல்ல ஆள் இல்லாம லிஃப்டப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. தலைமுறை இடைவெளி? ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு லெட்டர். தமிழ்? முழுப் படமும் அதுலதான் ஓடுது. மூணும் உள்ள இருக்கு, ஒண்ணோட பேரும் வரியில இல்ல.

எழுதி முடிச்சதும் தாள்ல வச்சு அழகு பாக்காதீங்க, கோப்பிக்கடையில எதிர்ல உக்காந்திருக்கிற யார்கிட்டயாவது ஒரே மூச்சுல வாயால சொல்லுங்க. அவங்க சொல்ற பதில்ல இருந்து நிறைய தெரியும். 'அய்யோ, அப்புறம் என்ன சொன்னான்?'னு கேட்டா வேலை முடிஞ்சுது. 'ஏன் அவன் உண்மையச் சொல்லக் கூடாது?'ன்னு கேட்டா காரணம் பலவீனமா இருக்கு, என் வரியிலயே கூட 'வீடே மறைச்ச'ங்கிற ரெண்டு சொல்ல எடுத்துட்டா உடனே இந்தக் கேள்வி வந்துடும், அதனாலதான் அது உள்ள இருக்கு. 'எந்த லெட்டர், யாரு மறைச்சா?'ன்னு திருப்பிக் கேட்டா வாக்கிய அமைப்புல குழப்பம். எதுவுமே கேக்காம 'நல்லா இருக்கு லா'ன்னு சொல்லிட்டு ஃபோன எடுத்தா, உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றாங்க, திரும்ப எழுதுங்க. உங்க கதைய ஏற்கனவே கேட்ட சிநேகிதன்கிட்ட சோதிக்காதீங்க, அவன் ஓட்டைய எல்லாம் தன் ஞாபகத்துல இருந்து அடைச்சுக்குவான்.

இப்ப நான் உறுதியாச் சொல்ல முடியாத சில விஷயம். முடிவ லாக்லைன்ல சொல்லணுமா? தொழில்ல பொதுவா சொல்ல மாட்டாங்க, படிக்கிறவங்கள ஸ்கிரிப்டப் புரட்ட வைக்கிறதுதான் அதோட வேலை. ஆனா வகுப்புல சிலர் முடிவும் தெரியணும்னு கேப்பாங்க, நீங்க யோசிச்சு வச்சிருக்கீங்களான்னு பாக்க. பிரீஃபப் பாருங்க, இல்லன்னா நேராக் கேட்டுடுங்க, லாக்லைன் தனியா, முடிவு கீழ இன்னொரு வரின்னு குடுத்தா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. எப்படிக் கேட்டாலும் உங்களுக்கு முடிவு தெரிஞ்சிருக்கணும். என் கதைக்கு எனக்குத் தோணுறது, பாட்டி கடைசில அந்த லெட்டர வாங்கி மடிச்சு, பையன் தப்பாச் சொன்ன ஒரு சொல்ல மட்டும் திருத்திட்டு உள்ள போறாங்க, அவங்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். வரிய 'சமாளிப்பானா?'ன்னு கேள்வியா முடிக்கிறது எனக்குப் பிடிக்காது, டிவி விளம்பரம் மாதிரி இருக்கும், ஆனா அது என் ருசி, தப்புன்னு சொல்ல மாட்டேன். அதே மாதிரி நீங்க எடுக்கப் போறது கதையே இல்லாத ஒரு மனநிலைப் படம், இல்ல டாகுமென்டரின்னா, நான் மேல சொன்னது சரியாப் பொருந்தாது, எனக்குப் பழக்கம் கதைப் படத்துலதான்.

5 நிமிஷத்துல அடங்குமான்னும் இந்த வரியிலயே பாத்துக்கலாம். ஸ்கிரிப்ட் ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம்னு கணக்கு வைப்பாங்க, துல்லியமா இருக்காது, பேச்சு குறைஞ்ச காட்சின்னா ஏறி இறங்கும், ஆனா 5 பக்கம்னு மனசுல இருக்கட்டும். இந்தக் கதையில ரெண்டு பேர், ஒரு மேசை, ஒரு லெட்டர், கடைசில கதவு திறக்குற சத்தம், அவ்வளவுதான், அம்மா முகத்தக் கூடக் காட்ட வேணாம். லிஃப்ட் பக்கத்துல எடுக்கணும்னு ஆசைப்பட்டா அது பொது இடம், டவுன் கவுன்சில்கிட்ட அனுமதி கேட்டுக்கணும், அதுக்கு நாள் ஆகலாம். அதனால நான்னா நாற்காலிய வீட்டு வாசலுக்கு உள்ள, கதவத் திறந்து வச்சு, லிஃப்ட் சத்தம் மட்டும் கேக்குற மாதிரி போட்டுக்குவேன், வரியில 'லிஃப்ட்'னே ஒரு சொல் இல்லாததால எதுவும் கெடாது.

அசைன்மென்ட் இங்கிலீஷ்ல குடுக்கணும்னா தமிழ் வரிய வார்த்தைக்கு வார்த்தை மாத்தாதீங்க, வினை முன்னாடி போயிடும், 24 சொல் 35க்கு மேல வீங்கிடும். அந்த மூணு கொக்கிய மட்டும் எடுத்துக்கிட்டு இங்கிலீஷ்ல புதுசா எழுதுங்க, லெட்டரப் பாக்குறது, அம்மா வர்ற வரைக்கும், பொய்யாப் படிச்சுக் காட்டுறது. என் லெட்டர அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க பாட்டி கவருக்குள்ள வேற என்ன இருக்கலாம்னு யோசிச்சு எழுதி இங்க போடுங்க, வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள போட்டீங்கன்னா பாத்துச் சொல்றேன்.